ஒரு நூலகரின் ஏற்புரை – கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். நான் ஒரு கிளை நூலகத்தில் பதினோரு ஆண்டுகளாக நூலகராக இருக்கிறேன். இந்த மாதக் கடைசி நாளில் பணி ஓய்வு பெறுகிறேன். வாசகர் வட்டத்தினர் அன்று மாலை நூலகத்திலேயே விழா வைக்கிறார்கள். மாவட்ட நூலக அலுவலரும் வருகிறார். ஏற்புரைக்காக மூன்று பக்கம் எழுதினேன். மூன்றும் நன்றிப் பட்டியலாகவே இருக்கிறது. எத்தனையோ விழாக்களில் நான் கேட்டுச் சலித்த அதே உரை. அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு நூலகர் என்னதான் பேச வேண்டும்? எங்களிடம் படித்து முன்னேறியவர்கள் சிலரைப் பெயர் சொல்லிப் பேசலாமா? இன்னொன்று: இருப்புச் சரிபார்ப்பில் 312 நூல்கள் குறைகின்றன. நாளொன்றுக்குச் சராசரியாக நாற்பது நூல்கள் இரவல் போகும் நூலகம் இது. ஊரில் சிலருக்கு இந்தக் கணக்கு தெரியும். அதைப் பேசுவதா, விடுவதா? கடைசியாக, பார்த்துப் படித்தால் தவறாக இருக்குமா?

இப்படிக்கு,
ஒரு நூலகர்
(பெயரும் ஊரும் தவிர்க்கப்பட்டுள்ளன)

அன்புள்ள நூலகர் அவர்களுக்கு,

வணக்கம். விழா நிரலை முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வரவேற்புரை, தலைமையுரை, நான்கைந்து வாழ்த்துரைகள், பொன்னாடை, நினைவுப்பரிசு, அதன்பின் உங்கள் ஏற்புரை, இறுதியில் நன்றியுரை என்றுதான் அது இருக்கும். நன்றி சொல்வதற்கென்றே ஒருவர் உங்களுக்குப் பின்னால் பேச இருக்கிறார். ஆகவே நீங்கள் எழுதிய மூன்று பக்கங்களையும் கிழிக்க வேண்டாம். நன்றியுரை சொல்பவரிடம் கொடுத்துவிடுங்கள். அவருக்கும் யாரையும் விட்டுவிடாத ஒரு பட்டியல் கிடைத்ததாகும். உங்கள் உரையில் நான்கு பேருக்கு மட்டும் நேரடியாக நன்றி சொல்லுங்கள்: நூலகத்தைப் பெருக்கித் துடைத்தவர், மழையிலும் நாளிதழ் கொண்டுவந்து போட்டவர், கிழிந்த நூல்களைக் கட்டிக் கொடுத்தவர், நீங்கள் விடுப்பில் இருந்த நாட்களில் பக்கத்து நூலகத்திலிருந்து வந்து பொறுப்பைப் பார்த்துக்கொண்டவர். இவர்களை மேடையில் வேறு எவரும் நினைவுகூர மாட்டார்கள். அதற்கு ஒன்றரை நிமிடம் போதும். மிச்ச நேரம் முழுவதும் உங்களுடையது.

அந்த நேரத்தில் என்ன பேசுவது என்பதற்கு என் விடை இது. அன்று காலையிலோ அதற்கு முந்தைய நாட்களிலோ நீங்கள் பொறுப்பு ஒப்படைத்திருப்பீர்கள். நூல் சேர்க்கைப் பதிவேடு, உறுப்பினர் பதிவேடு, காப்புத்தொகைக் கணக்கு, பருவ இதழ்ப் பதிவேடு, மேசை நாற்காலிப் பட்டியல், சாவிக்கொத்து என்று எல்லாவற்றுக்கும் கையெழுத்து வாங்கியிருப்பீர்கள். அந்தப் பதிவேடுகளில் எழுத இடமே இல்லாத, உங்கள் நினைவில் மட்டும் இருக்கிற சில செய்திகள் உண்டு. அவை அன்று மாலையோடு நூலகத்தை விட்டு வெளியேறிவிடும். ஏற்புரையில் அவற்றை ஒப்படையுங்கள். அடுத்து வருபவர், மாவட்ட நூலக அலுவலர், வாசகர் வட்டத்தினர், ஊர்க்காரர்கள் ஆகிய எல்லோரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்து நீங்கள் சொல்வதைக் கேட்கும் வேளை அது ஒன்றுதான். அது இன்னொரு முறை வாய்க்காது.

அப்படிப்பட்ட செய்திகளில் முதன்மையானது, நீங்கள் 'இல்லை' என்று சொல்லி அனுப்பிய நூல்களின் பட்டியல். நூலகத்தில் இரவல் கொடுத்த நூலுக்குக் கணக்கு உண்டு; வந்து உட்கார்ந்து படித்தவருக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்து உண்டு. கேட்டு, கிடைக்காமல் திரும்பிப் போனவருக்கு எங்கும் பதிவில்லை. அவர் இரண்டாம் முறை வந்து கேட்பதுமில்லை. நாளடைவில் அந்த வகை நூல்களைக் கேட்கும் ஆளே இந்த ஊரில் இல்லை என்பதுபோல் இரவல் புள்ளிவிவரம் காட்டத் தொடங்கும். அதைப் பார்த்து மேலிடமும் அந்த வகை நூல்களை அனுப்பத் தேவையில்லை என்று முடிவு செய்யும். நம் மாநிலத்தில் கிளை நூலகங்களுக்கான நூல்கள் பெரும்பாலும் மாநில அளவில் தேர்ந்தெடுக்கப்பட்டு, வாங்கப்பட்டு, பிரித்து அனுப்பப்படுகின்றன என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்த ஏற்பாட்டில் ஊரின் தேவை மேலே போய்ச் சேர ஒரே வழி நூலகரின் வாய்தான்.

விழாவில் வாழ்த்த வருகிறவர்களில் இருவராவது நூலகவியல் அறிஞர் அரங்கநாதனின் ஐந்து விதிகளை ஒப்பிப்பார்கள். 1931இல் சென்னை நூலகச் சங்கம் வெளியிட்ட நூலில் அவர் வகுத்த அந்த விதிகளை நீங்களும் மூன்றாவது முறையாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இரண்டாம் விதியாகிய 'ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல்' என்பது உங்கள் ஊரில் எங்கெங்கே நிறைவேறாமல் போயிற்று என்று எடுத்துக்காட்டுடன் சொல்ல உங்கள் ஒருவரால்தான் முடியும். விதியின் பெயரைச் சொல்லாமலே அதைச் சொல்லிவிடலாம். துறையைச் சேர்ந்தவர்கள் புரிந்துகொள்வார்கள். மற்றவர்களுக்குப் பெயர் தேவையில்லை.

பட்டியலை எப்படித் தயாரிப்பது? 'பதினோரு ஆண்டுகளில் யார் யார் என்னென்ன கேட்டார்கள்' என்று பொதுவாக நினைத்துப் பார்த்தால் ஒன்றும் வராது. நூலகத்தின் ஒரு நாளைப் பொழுது பொழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். கதவு திறந்ததும் நாளிதழுக்காக வரும் முதியவர்கள். பத்து மணிக்குமேல் நீள மேசையைப் பிடித்துக்கொள்ளும் போட்டித் தேர்வுப் பிள்ளைகள். சமையல் முடித்துவிட்டு வந்து, வார இதழ்களிலிருந்து சேர்த்துக் கட்டிய தொடர்கதைகளை இரண்டிரண்டாக எடுத்துப்போகும் பெண்கள். பள்ளி விட்டதும் ஓடிவரும் குழந்தைகள். ஒவ்வொரு கூட்டத்தையும் மனக்கண்ணில் நிறுத்தி, இவர்களிடம் நான் கையை விரித்தது எதற்காக என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு தாளில் எழுதத் தொடங்கினால் இரண்டு நாளில் முப்பது நாற்பது சேர்ந்துவிடும். எனக்குப் பழக்கமான நூலகங்களில் நான் பார்த்ததை வைத்துச் சொன்னால், நான்கு வயது முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்குப் பெரிய எழுத்தில் தமிழ்ப் படநூல், கண்பார்வை மங்கிய பெரியவர்கள் படிக்கத்தக்க அச்சில் நாவல், பட்டா, சிட்டா, வாரிசுச் சான்று பற்றி எளிய தமிழில் ஒரு கையேடு, சர்க்கரை நோயாளியும் சிறுநீரக நோயாளியும் என்ன சாப்பிடலாம் என்று மருத்துவர் எழுதிய நூல் ஆகியவை அடிக்கடி கேட்கப்பட்டுக் கிடைக்காமல் போகின்றவை. உங்கள் ஊர்ப் பட்டியல் வேறாக இருக்கலாம். வேறாக இருந்தால் அது இன்னும் முக்கியமானது.

நாற்பதையும் மேடையில் படிக்காதீர்கள். ஐந்தை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வாக்கியம் கொடுங்கள். முழுப் பட்டியலைத் தாளில் எழுதி மூன்று படிகள் எடுத்து, ஒன்றை மாவட்ட நூலக அலுவலரிடமும், ஒன்றை அடுத்த நூலகரிடமும், ஒன்றை வாசகர் வட்டத் தலைவரிடமும் மேடையிலேயே கொடுத்துவிடுங்கள். உரை இப்படி அமையலாம்:

“இந்த மேசைக்குப் பின்னால் இருந்துகொண்டு நான் பலமுறை சொன்ன சொல் 'இல்லை' என்பது. பேரப்பிள்ளைக்குப் படித்துக்காட்டப் பெரிய எழுத்தில் ஒரு கதைப் புத்தகம் வேண்டும் என்று இந்த ஊர்ப் பாட்டிகள் பலர் கேட்டார்கள். நம்மிடம் சிறுவர் நூல்கள் இருக்கின்றன; ஆனால் அவற்றில் பெரும்பாலானவை தானே படிக்கத் தெரிந்த பத்து வயதுப் பிள்ளைக்கானவை. எழுத்துக்கூட்டத் தொடங்கும் வயதுக்கு நம் அலமாரியில் ஒரு தட்டுகூட நிரம்பவில்லை. அடுத்து வரும் நூல் ஒதுக்கீட்டில் இதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று அலுவலர் அவர்களை வேண்டுகிறேன். ஒதுக்கீட்டில் வராவிட்டால், இங்கே அமர்ந்திருக்கும் புரவலர்கள் சேர்ந்து இந்த ஒரு தட்டை நிரப்பித்தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.”

இந்தப் பத்தியில் புகழ்ச்சியும் இல்லை, குறைகூறலும் இல்லை என்பதைக் கவனியுங்கள். யாரிடம் எது இல்லை, அதை யார் செய்யலாம் என்பது மட்டும் இருக்கிறது. புரவலர் என்ற சொல்லைச் சொன்னதும் அவையில் சிலர் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆயிரம் ரூபாய் கட்டிப் புரவலரானதோடு தம் கடமை முடிந்தது என்று நினைத்திருந்த சிலருக்கு, வாங்கித்தர வேண்டியது இன்ன வகை நூல் என்று துல்லியமாகத் தெரிந்தால் அன்றே பேச்சைத் தொடங்குவார்கள். 'நூலகத்துக்கு உதவுங்கள்' என்று பொதுவாகக் கேட்டால் வீட்டில் வேண்டாத பழைய பாடநூல்கள்தாம் மூட்டையாக வந்து சேரும். அது உங்களுக்கே அனுபவமாக இருக்கும்.

இதே இடத்தில் இன்னொரு செய்தியையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். இந்த ஊரில் வீட்டு வரி கட்டுகிற ஒவ்வொருவரும் அதில் ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் நூலக வரியும் சேர்த்தே கட்டுகிறார்கள். விடுதலை பெற்ற இந்தியாவில் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. அந்தச் சட்டத்தின்படி வசூலாவதுதான் இந்த வரி. வரி ரசீதில் அந்த வரியைப் பார்த்திருப்பவர்கள் குறைவு. நூலகத்தில் ஒன்று இல்லையென்றால் கேட்பது சலுகை கேட்பதாகாது என்பதை ஓய்வுபெறும் நாளில் ஒரு நூலகரே சொன்னால் ஊருக்கு உறைக்கும்.

இனிப் பெயர்கள். உங்கள் நூலகத்தில் படித்துத் தேர்வெழுதி வேலைக்குப் போனவர்களைப் பற்றிப் பேச ஆசைப்படுவது இயல்பு. அவர்களிலும் பலர் பெருமைப்படவே செய்வார்கள். ஆனாலும் ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டு, இசைவு பெற்றபின் சொல்லுங்கள். சிலர் எத்தனை முறை எழுதித் தோற்றோம் என்பது வெளியே தெரிவதை விரும்பமாட்டார்கள். சிலருக்குப் பகலில் வேலையில்லாமல் நூலகத்தில் இருந்த ஆண்டுகளை இப்போதுள்ள உறவினர்கள் அறியக்கூடாது என்றிருக்கும். இசைவு தந்தவர்களிலும் ஒருவரையோ இருவரையோ சொன்னால் போதும். பத்துப் பேரை அடுக்கினால், வேலை கிடைக்காமல் இன்றும் அதே மேசையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பவர்களின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டியிருக்கும்.

தேர்வு எழுதியவர்களைத் தவிர மற்றவர்களைப் பற்றி என் கருத்து கண்டிப்பானது. யார் எந்த நூலை எடுத்தார் என்பதை ஒரு நூலகர் எங்கும் சொல்லலாகாது. பாராட்டாகச் சொல்வதும் கூடாது. பெயரைச் சொல்லாவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். சிற்றூரில் பெயர் இல்லாமலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். எடுத்துக்காட்டாக, 'கணவரை இழந்தபின் தையற்கடை வைத்திருக்கும் ஒரு சகோதரி நம் நூலகத்திலிருந்து சொத்துரிமைச் சட்ட நூலை எடுத்துப் படித்துத் தன் பங்கைப் பெற்றார்' என்று நீங்கள் நெகிழ்ந்து சொன்னால், அவையில் பாதிப் பேருக்கு அந்தச் சகோதரி யார், அவர் யாரோடு வழக்காடினார் என்பது தெரிந்துவிடும். அவருடைய மைத்துனரே மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். நோய் பற்றிய நூலைக் கேட்டவர், மணமுறிவு பற்றிய நூலைக் கேட்டவர், வீட்டில் இருக்க முடியாமல் மாலைவரை நூலகத்தில் பொழுதைக் கழித்தவர் ஆகிய எல்லோரும் நீங்கள் பேசமாட்டீர்கள் என்ற நம்பிக்கையில்தான் வந்தார்கள். ஓய்வு பெற்றதோடு அந்தக் கடமை முடிவதில்லை.

அப்படியானால் அந்த நிகழ்ச்சியை எப்படித்தான் சொல்வது? ஆளை விட்டுவிட்டு நூலைச் சொல்லுங்கள். 'பெண்களின் சொத்துரிமை பற்றிய நூல் ஒன்று நம்மிடம் இருக்கிறது. அது பலமுறை இரவல் போய் முதுகு பிரிந்து இரண்டு முறை கட்டப்பட்டது. இப்போது மூன்றாம் முறையும் பிரிந்துவிட்டது. அதன் புதிய பதிப்பு நமக்குத் தேவை' என்றால் யாரையும் காட்டிக்கொடுக்காமல் முழுச் செய்தியும் வந்துவிடுகிறது. உங்கள் உரையிலுள்ள ஒவ்வொரு நிகழ்ச்சியையும் இப்படித் திருப்பி எழுதிப் பாருங்கள். உணர்ச்சி குறைந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். மூன்று முறை பிரிந்த நூலைக் கையில் தூக்கிக் காட்டினால் அவை அமைதியாகிவிடும்.

அந்த 312 நூல்களுக்கு வருகிறேன். கட்டாயம் பேசுங்கள் என்பதே என் எண்ணம். ஆனால் பேசுவதற்குமுன் அந்த எண் சரிதானா என்று பாருங்கள். சரிபார்ப்பின்போது அலமாரியில் இல்லாத நூல்கள் எல்லாம் தொலைந்த நூல்கள் ஆகா. கட்டுவதற்குப் போய்த் திரும்பாதவை, வாசகர் வீட்டில் தவணை கடந்து கிடப்பவை, பக்கத்துப் பகுதி நேர நூலகத்துக்குக் கொடுத்துவிட்டு இருப்பிலிருந்து கழிக்காமல் விட்டவை, கரையான் அரித்து நீக்கியபின் பதிவேட்டில் சிவப்பு மையால் அடிக்காமல் விட்டவை, இடம் மாறி வேறு அலமாரியில் செருகப்பட்டவை என்று ஒரு பகுதி இருக்கும். இந்த ஐந்தையும் தனித்தனியாகச் சரிபார்த்தபின் எஞ்சுவதே உண்மையான இழப்பு. எஞ்சியவற்றைச் சேர்க்கை எண் வரிசையில் எழுதிப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். எண்கள் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறியிருந்தால் அது நாட்பட்ட புழக்கத்தின் தேய்மானம். ஒரே ஆண்டில் வந்த ஒரே தொகுதி அடுத்தடுத்த எண்களில் காணாமல் போயிருந்தால் அது வேறு வகை. அந்தக் கட்டு பிரிக்கப்படாமலே எங்கேனும் இருக்கிறதா, வந்து சேரவே இல்லையா என்று உடனே பார்க்க வேண்டும்.

எண் 312 ஆகவே நின்றால்கூட அது எவ்வளவு பெரியது என்று கணக்கிடுவோம். வெள்ளிக்கிழமைகளையும் இரண்டாம் சனிக்கிழமைகளையும் அரசு விடுமுறைகளையும் கழித்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 280 நாட்கள் நூலகம் திறந்திருக்கும். நாளுக்கு நாற்பது என்றால் ஆண்டுக்கு 11,200 இரவல். பதினோரு ஆண்டுக்கு 1,23,200. 2020இலும் அதற்கடுத்த ஆண்டிலும் ஊரடங்கால் மூடியிருந்த மாதங்களைக் கழித்து 1,15,000 என்று வைத்துக்கொள்வோம். அதில் 312 என்பது ஆயிரத்துக்கு மூன்றுகூட இல்லை. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 215ஆம் விதி, ஓராண்டில் இரவல் போனதும் எடுத்துப் படிக்கப்பட்டதுமான நூல்களில் ஆயிரத்துக்கு ஐந்து வரை இழப்பு ஏற்படுவதை இயல்பானதாகக் கொள்ளலாம் என்கிறது. நேர்மையின்மையோ அசட்டையோ காரணமாக இருக்கக்கூடாது என்பது நிபந்தனை. ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட விலையுள்ள நூலும் அரிய நூலும் காணாமற்போனால் தனியாக விசாரிக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. இரவல் கணக்கை மட்டும் வைத்தே நீங்கள் அந்த அளவுக்கு வெகுவாகக் கீழே இருக்கிறீர்கள். நூலகத்திலேயே எடுத்துப் படிக்கப்பட்டவற்றையும் சேர்த்தால் விகிதம் இன்னும் குறையும்.

இந்த விதி மத்திய அரசு அலுவலகங்களுக்கானது. உங்கள் தணிக்கைக்கு உங்கள் துறையின் விதிகளே செல்லும். ஆகவே இதை மேடையில் கேடயமாக நீட்டாதீர்கள். தணிக்கைக்கான விளக்கத்தைத் தனியாக எழுத்தில் கொடுங்கள். பிடித்தம் பற்றிய கடிதப் போக்குவரத்து ஏதேனும் நிலுவையில் இருந்தால் அதைப் பற்றி விழாவில் ஒரு சொல்லும் பேச வேண்டாம். அலுவலர் மேடையில் இருக்கும்போது அதை எடுப்பது அவரைச் சங்கடத்தில் நிறுத்தும். உங்கள் கோப்புக்கும் நன்மை செய்யாது. ஆனால் கணக்கை நீங்களே சொன்னால் ஊரில் முணுமுணுப்பவர்களுக்குப் பேச ஒன்றும் இருக்காது.

அதைவிட முக்கியமான காரணம் வேறொன்று. வாசகர் தாமே அலமாரிவரை சென்று நூலைத் தொட்டு எடுக்கலாம் என்ற திறந்த முறையை, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான அரங்கநாதன் அங்கே கொண்டுவந்தார். நூல்கள் திருடு போகும் என்ற அச்சத்துக்கு எதிராக அவர் வாதாடினார். பூட்டிவைத்தால் ஒரு நூலும் தொலையாது; ஒருவரும் படிக்கவும் மாட்டார்கள். திறந்து வைத்த நூலகத்தில் சிறிது இழப்பு உண்டு என்பதை மக்களுக்கு வெளிப்படையாகச் சொல்லாமல் விட்டால் என்ன நடக்கும்? அடுத்து வரும் இளம் நூலகர் அந்த இழப்புக்குப் பயந்து நல்ல நூல்களை எல்லாம் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். நம்மூர் நூலகங்கள் பலவற்றில் இன்று கலைக்களஞ்சியங்களும் அகராதிகளும் பூட்டுக்குள் இருப்பதற்கு இந்தப் பயமே காரணம். அவரை அந்தப் பயத்திலிருந்து காப்பாற்ற உங்களால் முடியும். இப்படிச் சொல்லுங்கள்:

“என் காலத்தில் ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம் முறை இந்த நூலகத்திலிருந்து புத்தகங்கள் உங்கள் வீட்டுக்கு வந்தன. அவற்றில் 312 திரும்பவில்லை. அவை என்னென்ன என்று பார்த்தேன். கூடுதலானவை போட்டித் தேர்வு நூல்கள், அடுத்தது அகராதிகள், பிறகு சிறுவர் கதைகள். உங்கள் வீட்டுப் பரணில், அலமாரியில், திருமணமாகிப் போன மகளின் பழைய பெட்டியில் நம் நூலக முத்திரை உள்ள நூல் இருந்தால் கொண்டுவந்து கொடுங்கள். புதிதாக வருகிற நூலகர், நூல்கள் போய்விடும் என்று அஞ்சி எதையும் பூட்டிவைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.”

மேலே வகை வரிசையை நானாகப் போட்டிருக்கிறேன். உங்கள் பட்டியலைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். இந்தப் பத்தியில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. அபராதம் கிடையாது என்று வாக்குக் கொடுக்காதீர்கள். மறுநாள் முதல் அந்த அதிகாரம் உங்களுக்கு இல்லை, அதைச் சொல்ல வேண்டியவர் அலுவலர். விழாவுக்குமுன் அவரிடம் பேசி, ஒரு மாதத்துக்கு நூல்களைக் கேள்வியின்றிப் பெற்றுக்கொள்ள ஒரு பெட்டி வைக்க இயலுமா என்று கேளுங்கள். அவர் ஒப்புக்கொண்டால் அவர் வாயாலேயே அறிவிக்கச் செய்யுங்கள். இரண்டாவது, முத்திரை என்று மட்டும் சொல்லுங்கள். முகப்புத் தாளைக் கிழித்தாலும் நூலை அடையாளம் காண்பதற்காக உள்ளே குறிப்பிட்ட ஒரு பக்கத்தில் சேர்க்கை எண்ணை எழுதிவைக்கும் வழக்கம் உங்கள் நூலகத்திலும் இருக்கும். அந்தப் பக்க எண்ணைப் பேச்சு வேகத்தில் சொல்லிவிடாதீர்கள். அது அடுத்த நூலகரின் காதுக்கு மட்டும் உரியது.

அவரிடம் அவையறியச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பழைய கிளை நூலகத்திலும், கும்பாபிஷேக மலர்கள், உள்ளூர்ப் பள்ளியின் வெள்ளி விழா மலர், ஊராட்சிக்காரர் யாரோ அச்சிட்ட ஊர் வரலாறு, நின்றுபோன சிற்றிதழ்களின் சில இதழ்கள் என்று ஒரு சிறு குவியல் ஏதாவது ஒரு மூலையில் இருக்கும். விலை போடாததாலும் அன்பளிப்பாக வந்ததாலும் அவற்றில் பல சேர்க்கைப் பதிவேட்டில் ஏறியிருக்காது. பதிவேட்டில் இல்லாததால் பொறுப்பு ஒப்படைப்பிலும் அவை வராது. புதியவர் ஒருநாள் இடத்தைச் சுத்தம் செய்யும்போது பழைய தாளோடு எடைக்குப் போய்விடும். உங்கள் நூலகத்தில் அப்படிப்பட்டவற்றை இந்த வாரமே எடுத்துத் தனியே வையுங்கள். தாளின் மூலையை மடிக்கும்போது ஒடிந்து விழுந்தால், அது அமிலம் ஏறிய மலிவுத் தாள். இனிப் பலர் கைக்குப் போகக் கூடாது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் தமிழ் இணையக் கல்விக்கழகமும் பழைய தமிழ் அச்சுகளை மின்வடிவமாக்கி வருகின்றன. வாசகர் வட்டத்தினர் எவரேனும் அவர்களுக்கு எழுதிக் கேட்கலாம். மேடையில் அந்தக் கட்டைக் கையில் எடுத்துக் காட்டி, இதில் இன்னின்னவை இருக்கின்றன என்று நான்கைந்து தலைப்புகளைப் படித்துவிட்டுப் புதிய நூலகரிடம் கொடுங்கள். நூறு பேர் பார்த்த பொருளை யாரும் எடைக்குப் போடத் துணியமாட்டார்கள். இதற்கு இரண்டு நிமிடம் ஆகும். என்னைக் கேட்டால், உங்கள் உரையில் எதை வெட்டினாலும் இதை வெட்டாதீர்கள்.

கட்டடத்தைப் பற்றி நீளமாகப் பேச வேண்டாம். ஐப்பசி மழையில் எந்தச் சுவர் ஓதம் காக்கிறது, எந்தத் தட்டில் கரையான் ஏறும் என்பதெல்லாம் புதியவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டிய குறிப்பு. ஓய்வூதியம், பதவி உயர்வு, ஆள் பற்றாக்குறை ஆகியவற்றுக்கும் இது இடமன்று. அவை நியாயமான குறைகள்தாம். சங்கக் கூட்டத்தில் உரக்கப் பேச வேண்டியவை. விழாவில் பேசினால், குழந்தைகளுக்கான அந்த ஒரு தட்டைப் பற்றி நீங்கள் கேட்டது அதற்கடியில் புதைந்துவிடும்.

பார்த்துப் படிப்பதில் தவறே இல்லை. எண்களும் தலைப்புகளும் உள்ள உரையைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும். ஆனால் நன்றி சொல்லும் அந்த ஒன்றரை நிமிடத்தை மட்டும் தாளைக் கீழே வைத்துவிட்டு அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். மேடையில் இருப்போர் ஒவ்வொருவரையும் தனித்தனியே விளிப்பதற்குப் பதில், 'மேடையிலும் அவையிலும் உள்ள பெரியோர்களே, இந்த நூலகத்தின் வாசகர்களே' என்று ஒரே வரியில் தொடங்கினால் ஒரு நிமிடம் மிஞ்சும். நிதானமாகப் படித்தால் நிமிடத்துக்கு எண்பது தொண்ணூறு தமிழ்ச் சொற்களுக்குமேல் போகாது. ஆகவே மொத்தம் எண்ணூறு சொற்களுக்குள் நிறுத்துங்கள். இரண்டு நாள் முன்னதாக வீட்டில் ஒருமுறை உரக்கப் படித்து, கடிகாரத்தில் நேரம் பாருங்கள். பத்து நிமிடத்தைத் தாண்டினால், முதலில் 'இல்லை' என்று சொன்ன ஐந்து நூல்வகைகளை மூன்றாகக் குறையுங்கள். முழுப் பட்டியல்தான் தாளில் இருக்கிறதே. தொண்டை அடைக்கும் இடம் எது என்பதும் அந்த ஒத்திகையிலேயே தெரிந்துவிடும். அந்த இடத்துக்கு அடுத்த வாக்கியத்தை ஓர் எண்ணாகவோ நூல் தலைப்பாகவோ வைத்துக்கொள்ளுங்கள். குரல் தானாக நிதானத்துக்கு வரும்.

உங்கள் பட்டியல் தயாரானதும் எனக்கும் ஒரு படி அனுப்புங்கள். அதிலுள்ள நூல்களில் என்னிடம் இருப்பவற்றை உங்கள் நூலகத்துக்கே அனுப்பிவைக்கிறேன். மற்றவற்றைத் தரக்கூடிய பதிப்பகத்தார் சிலரை அறிவேன், அவர்களிடமும் கேட்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாசகராகவும் இருக்கும் ஓர் எழுத்தாளன்